தேடாத ஆளுக்கு அனுப்புற முதல் மெசேஜ்: என்ன வேலை, எவ்வளவு சம்பளம், ஏன் உங்களை

வேலை தேடிட்டு இருக்கிறவங்களுக்கு மெசேஜ் போடுறதும், நிம்மதியா ஒரு இடத்துல வேலை பாத்துட்டு இருக்கிறவங்களுக்கு மெசேஜ் போடுறதும் ஒண்ணு இல்லங்க. நௌக்ரில நேத்து ரெஸ்யூமே அப்டேட் பண்ணவருக்கு நீங்க "ஹாய், ஒரு ஓப்பனிங் இருக்கு"ன்னு ரெண்டு வார்த்தை போட்டாலும் அவரே திரும்பக் கூப்பிடுவாரு, ஏன்னா தேவை அவருக்கு. ஆனா சும்மா இருக்கிறவரை நாம போய் தட்டி எழுப்புறோம், தேவை நமக்கு, அப்ப முதல் கேள்விக்கெல்லாம் நாமதான் முன்கூட்டியே பதில் சொல்லணும். நான் சென்னைல ஒரு கம்பெனிக்குள்ளயே ஆள் எடுக்கிற வேலைல இருக்கேன் (கார்டுல டேலண்ட் அக்விசிஷன்னு போட்டிருக்கும், வீட்ல ஹெச்ஆர்னுதான் சொல்வாங்க). சாஃப்ட்வேர் கம்பெனி இல்ல, மூணு சக்கர எலக்ட்ரிக் வண்டிக்கு பேட்டரி பேக் செய்யுற இடம். அங்க ஒரு போஸ்ட்டுக்கு ஆள் தேடினப்ப முதல் மெசேஜை எப்படி எழுதினோம், அதுக்கு அப்புறம் என்னென்ன ஆச்சுன்னு முழுசா சொல்றேன், ஏன்னா இதுல கஷ்டமான பாகம் எழுதுறது இல்ல, எழுதுறதுக்கு முன்னாடி உள்ள நடக்குற சண்டைதான்.

முதல்ல வழக்கமா வர்ற மெசேஜ் எப்படி இருக்கும்னு பாருங்க. அந்த வேலைலயே இருக்கிற என் ஃப்ரெண்ட் ஒருத்தர் அவருக்கு வந்ததை காட்டினாரு. "டியர் கேண்டிடேட், ஒரு முன்னணி எம்என்சில அருமையான வாய்ப்பு இருக்கு, உங்க ப்ரொஃபைல் எங்களுக்கு ரொம்ப பொருத்தமா இருக்கு, விருப்பம் இருந்தா அப்டேட்டட் சிவி, சிசிடிசி, இசிடிசி, நோட்டீஸ் பீரியட் அனுப்பவும்." இதுல கம்பெனி பேர் இல்ல, வேலை என்னன்னு இல்ல, சம்பளம் இல்ல, ஆனா அவர் சம்பளம் மட்டும் வேணும். தெரியாத ஆள் ஒருத்தர் வந்து நம்ம பர்ஸ்ல எவ்வளவு இருக்குன்னு கேட்டா எப்படி இருக்கும். அதோட இப்ப வேலை வாங்கித் தர்றேன்னு சொல்லி காசு புடுங்குற கூட்டமும் இதே மாதிரிதான் எழுதுது, அதனால நல்ல ஆளுங்க இதைப் படிக்கிறதே இல்ல.

எங்க போஸ்ட் விஷயத்துக்கு வர்றேன். ரிக்விசிஷன் ஃபார்ம்ல வந்த பேர் "சீனியர் எஞ்சினியர், ஆர் அண்ட் டி". இது எங்க கம்பெனி க்ரேடு பேரு, வெளில இருக்கிறவருக்கு இதுல ஒண்ணும் புரியாது. ஜேடின்னு ரெண்டு பக்கம் கூடவே வந்துச்சு, எம்பெடட் சி, கேன் பஸ், ஆர்டிஓஎஸ், டீம் ப்ளேயர், நல்ல கம்யூனிகேஷன், எல்லாம் இருக்கு. இதை வச்சு மெசேஜ் எழுதினா சென்னைல இருக்கிற எந்த ஆட்டோமோட்டிவ் எஞ்சினியருக்கு வேணா அனுப்பலாம், அதாவது யாருக்குமே அனுப்ப முடியாது. அதனால டீம் லீட் கிட்ட போய் உக்காந்தேன். எத்தனை வருஷ அனுபவம் வேணும்னு கேக்கல, "வர்றவர் முதல் ஆறு மாசத்துல எதை சரி பண்ணணும், அது சரியாகலன்னா உங்களுக்கு என்ன வலி"ன்னு மட்டும் கேட்டேன்.

அவர் சொன்னது இதுதான். எங்க பேக்ல இருக்கிறது எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்ஃபேட் செல். இந்த செல்லோட வோல்டேஜ் சார்ஜ் இருபது பர்சென்ட்ல இருந்து எண்பது பர்சென்ட் வரைக்கும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல, 3.2, 3.3 வோல்ட்லயே நிக்கும். அதனால வோல்டேஜைப் பாத்து எவ்வளவு சார்ஜ் மிச்சம் இருக்குன்னு சொல்ல முடியாது. வேற வழி, உள்ள போற கரண்ட்டையும் வெளில வர்ற கரண்ட்டையும் கூட்டிக் கழிச்சு கணக்கு வச்சுக்கிறது, அதுக்கு கூலம் கவுண்டிங்னு பேரு. ஆனா கரண்ட் சென்சார்ல சின்ன ஆஃப்செட் இருந்தாலே அந்த கணக்கு நாள் போகப் போக விலகிக்கிட்டே போகும், டிரைவர் ஸ்க்ரீன்ல முப்பது பர்சென்ட் காட்டும், வண்டி நடு ரோட்ல நின்னுடும். டிரைவர் டீலரைத் திட்டுவாரு, டீலர் எங்களைத் திட்டுவாரு. பேட்டரியைக் கவனிச்சுக்கிற பிஎம்எஸ்ஸோட ஃபர்ம்வேர்ல வர்ற ஆள் இதைத்தான் சரி பண்ணணும். ரெண்டு பக்க ஜேடில இது ஒரு வரி கூட இல்ல!

இதை வெளில சொல்லலாமான்னு கேட்டேன், "அந்த அளவுக்கு சொல்லலாம், எல்எஃப்பில எல்லாருக்கும் இருக்கிற பிரச்சனைதான், கஸ்டமர் பேரும் நம்பரும் மட்டும் வேண்டாம்"னாரு. இந்த பர்மிஷன் கேக்குறது முக்கியம், ஏன்னா நாம எழுதுற மெசேஜ் ஸ்க்ரீன்ஷாட்டா எங்க வேணா போகலாம், போட்டிக் கம்பெனிக்காரர் கையில இருக்கும்னு நினைச்சுட்டே எழுதணும்.

அடுத்து சம்பளம். சண்டையே இங்கதான். "என்னங்க, ரேஞ்சை இப்பவே சொல்லிட்டா எல்லாரும் டாப்ல வந்துல்ல உக்காருவாங்க"ன்னு டீம் லீட் சொன்னாரு. ஃபைனான்ஸ்ல இருந்து வந்த வாதம் வேற, உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சா பிரச்சனை ஆகும்னு. ரெண்டுமே நியாயமான பயம்தான், சும்மா தள்ளிவிட முடியாது. அமெரிக்கால கொலராடோல 2021ல இருந்தே வேலை விளம்பரத்துல சம்பள ரேஞ்ச் போடணும்னு சட்டம் இருக்கு, ஐரோப்பிய யூனியன்லயும் 2026 ஜூன் 7க்குள்ள நாடுகள் சட்டம் கொண்டு வரணும்னு 2023லயே முடிவு பண்ணிட்டாங்க, அதுல இன்டர்வியூக்கு முன்னாடி சம்பளத்தை சொல்லணும், பழைய சம்பளத்தைக் கேக்கக் கூடாதுன்னு ரெண்டுமே இருக்கு. இங்க அப்படி சட்டம் எதுவும் கிடையாது, அதனால உள்ள பேசித்தான் சம்மதிக்க வைக்கணும்.

நான் கேட்டது ரெண்டே விஷயம். இந்த க்ரேடுக்கு அப்ரூவ் ஆன பேண்ட் 18ல இருந்து 26 லட்சம். "26 இப்ப வெளில இருந்து வர்றவருக்கு நிஜமாவே கொடுப்பீங்களா?" இல்லன்னாங்க, ஏன்னா உள்ள ஏழு வருஷ அனுபவத்தோட ஒருத்தர் 23ல இருக்காரு, 26ல புதுசா ஒருத்தர் வந்தா அவர் அடுத்த மாசம் கிளம்பிடுவாரு. "18க்கு யாரையாவது எடுப்பீங்களா?" அதுவும் இல்ல, அந்த காசுக்கு வர்றவரால இந்த வேலையைச் செய்ய முடியாது. அப்ப பேண்ட் வேற, நாம இப்ப ஆள் எடுக்கப்போற ரேஞ்ச் வேற. கடைசில 20ல இருந்து 24ன்னு நின்னுச்சு. இந்த குறுகின ரேஞ்ச்தான் மெசேஜ்ல போகணும், பேண்ட் போகக் கூடாது. 18ல இருந்து 26ன்னு போட்டீங்கன்னா படிக்கிறவர் 26ஐ மட்டும் பாப்பாரு, கடைசில 21 ஆஃபர் போகும், ஏமாத்திட்டாங்கன்னு நினைப்பாரு, அது நியாயமும் கூட. டாப்ல இருக்கிற நம்பரை யாருக்கும் கொடுக்க மாட்டீங்கன்னா அதை எழுதாதீங்க.

எல்லாரும் டாப்ல வந்து உக்காருவாங்கங்கிற பயத்துக்கு மருந்து ரேஞ்சை மறைக்கிறது இல்ல, எது 20, எது 24ன்னு அதே வரில சொல்லிடுறது. எஸ்ஓசி வேலையை லேப்ல, ப்ரோட்டோடைப் வரைக்கும் செஞ்சவருக்கு 20 பக்கம், ப்ரொடக்‌ஷன்ல ரோட்ல ஓடுற வண்டில போட்டு, ஃபீல்ட் டேட்டா வச்சு திருத்தினவருக்கு 24 பக்கம். (எஸ்ஓசின்னா மேல சொன்ன அந்த எவ்வளவு சார்ஜ் மிச்சம்ங்கிற கணக்குதான்.) இப்படி சொல்லிட்டா வர்றவரே தன்னை எங்க வைக்கலாம்னு பாத்துக்குவாரு, அப்புறம் பேசும்போது சண்டை பாதி குறையுது.

இன்னொண்ணு, ரேஞ்ச்னு சொன்னா எதோட ரேஞ்ச்? நம்ம ஊர்ல சிடிசின்னு ஒரு மாயம் இருக்கே. ஒரு உதாரணம் போட்டுப் பாத்துடலாம். ஒரு கம்பெனி 26 லட்சம் சிடிசிங்குது. அதுல 15 பர்சென்ட் வேரியபிள்னா 3.9 லட்சம் போச்சு, அது வரலாம் வராம போகலாம். பேசிக் 40 பர்சென்ட்னு வச்சா 10.4 லட்சம், அதுல கம்பெனி கட்டுற பிஎஃப் 12 பர்சென்ட், கிட்டத்தட்ட 1.25 லட்சம். க்ராஜுவிட்டின்னு பேசிக்ல 4.81 பர்சென்ட், அது ஒரு 50 ஆயிரம், அஞ்சு வருஷம் இருந்தாதான் வழக்கமா கைக்கு வரும். இன்சூரன்ஸ் ப்ரீமியம்னு ஒரு 20 ஆயிரம். மிச்சத்தை பன்னெண்டால வகுத்தா டாக்ஸுக்கும் அவர் பங்கு பிஎஃபுக்கும் முன்னாடி மாசம் 1.68 லட்சம். இப்ப எங்க 24 லட்சம் ஃபிக்ஸட், கம்பெனி பிஎஃப் மட்டும் உள்ளுக்குள்ள, வேரியபிள், க்ராஜுவிட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் அதுக்கு மேல தனி. அதே 40 பர்சென்ட் பேசிக் கணக்குல மாசம் 1.90 லட்சம் வருது. 24 தான் 26ஐ விட பெருசு, ஆனா மெசேஜ்ல வெறும் நம்பரைப் போட்டா நாமதான் சின்னதா தெரிவோம். (பிஎஃப்பை மாசம் 1,800 ரூபாயோட நிறுத்திக்கிற கம்பெனில இந்த கணக்கு கொஞ்சம் மாறும், ஆனா திசை மாறாது.) அதனால ஃபிக்ஸட் எவ்வளவு, அதுக்குள்ள என்ன இருக்கு, வெளில என்ன இருக்குன்னு ஒரு வரில சொல்லியே ஆகணும்.

மூணாவது விஷயம், ஏன் உங்களை. "உங்க ப்ரொஃபைல் இம்ப்ரெஸிவா இருக்கு"ங்கிறது காரணமே இல்ல. நான் வச்சிருக்கிற சோதனை ரொம்ப சிம்பிள், மெசேஜ்ல இருக்கிற பேரை மட்டும் மாத்தி வேற ஒருத்தருக்கு அனுப்பினா பொருந்துதான்னு பாப்பேன், பொருந்தினா நான் இன்னும் காரணத்தைக் கண்டுபிடிக்கல. இந்த போஸ்ட்டுக்கு நான் பாத்து வச்சவர் ஒரு எஞ்சினியரிங் மீட்டப்ல பேசின வீடியோ இருந்துச்சு, அதுல கரண்ட் சென்சார் ஆஃப்செட்னால கணக்கு விலகுறதை ஒரு க்ராஃப் போட்டுக் காட்டியிருந்தாரு, வண்டி ஓய்வா நிக்கும்போது ஆஃப்செட்டை எப்படி திருத்தினாங்கன்னும் சொல்லியிருந்தாரு. எனக்கு பாதி புரியல, டீம் லீட் கிட்ட லிங்க்கை அனுப்பிக் கேட்டேன், "இவரைத்தாங்க தேடிட்டு இருக்கோம்"னு உடனே பதில் வந்துச்சு. அதுதான் காரணம். பேச்சுல எந்த இடம்னு சொல்லிட்டா நாம நிஜமாவே பாத்தோம்னு அவருக்குத் தெரியும்.

ஆனா இதுலயும் ஒரு எல்லை இருக்கு. வேலைக்காக அவரே பொதுவுல வச்ச விஷயத்தை மட்டும்தான் தொடணும். "நீங்க தாம்பரம் பக்கம்தானே இருக்கீங்க, கிண்டி உங்களுக்கு ஈஸி"ன்னு எழுதினா அவருக்கு பகீர்னு இருக்கும், யாரோ வீட்டு வாசல்ல நின்னு பாத்த மாதிரி. இடத்தை நாம சொன்னா போதும், தூரத்தை அவர் கணக்கு போட்டுக்குவாரு. அதே மாதிரி "உங்க கம்பெனில லேஆஃப் வருதாமே"ன்னு பயமுறுத்துறதும் காரணம் இல்ல, உண்மையா இருந்தாலும் சரி.

இந்த மூணும் கையில வந்ததுக்கு அப்புறம்தான் எழுதினேன். நிஜத்துல இங்கிலீஷ்லதான் போச்சு, இங்க தமிழ்ல போடுறேன்:

> வணக்கம். நான் கிண்டில இருக்கிற ஒரு பேட்டரி பேக் கம்பெனில ஆள் எடுக்கிற டீம்ல இருக்கேன் (கம்பெனி பேரும் வெப்சைட்டும் கீழ இருக்கு). எங்க பிஎம்எஸ் ஃபர்ம்வேர் டீம்ல ஒரு சீனியர் எஞ்சினியர் தேவை. முதல் ஆறு மாச வேலை, மூணு சக்கர வண்டியோட எல்எஃப்பி பேக்ல எஸ்ஓசி கணக்கு விலகாம பாத்துக்கிறது.
>
> ஃபிக்ஸட் 20 முதல் 24 லட்சம், கம்பெனி பிஎஃப் இதுக்குள்ள. வேரியபிள் 10 பர்சென்ட் இதுக்கு மேல. எஸ்ஓசி வேலையை ப்ரொடக்‌ஷன் வரைக்கும் கொண்டு போனவருக்கு 24 பக்கம், லேப், ப்ரோட்டோடைப் வரைக்கும் செஞ்சவருக்கு 20 பக்கம்.
>
> உங்களுக்கு எழுதக் காரணம், மீட்டப்ல வண்டி நிக்கும்போது சென்சார் ஆஃப்செட்டை திருத்தின விதத்தைப் பத்தி பேசினீங்களே, எங்க டீம் லீட் அந்த இடத்தைப் பாத்துட்டு உங்க கூட பேசணும்னாரு. புது போஸ்ட், யாரும் விட்டுப் போன இடம் இல்ல. கிண்டி ஆபீஸ், வாரம் நாலு நாள், ஹார்டுவேர் கையில இருக்கணும்ங்கிறதால.
>
> இப்ப மாறுற எண்ணம் இல்லன்னா "இல்ல"ன்னு ஒரு வார்த்தை போதும், திரும்ப தொந்தரவு பண்ண மாட்டேன். சிவி எதுவும் வேண்டாம். விருப்பம் இருந்தா டீம் லீட் கூட இருபது நிமிஷம் பேசலாம், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல.

அவ்வளவுதான். இதுல இல்லாததையும் கவனிங்க. அவரோட சம்பளத்தைக் கேக்கல, நோட்டீஸ் பீரியடைக் கேக்கல, சிவி கேக்கல. சும்மா இருக்கிறவர் கிட்ட அப்டேட் பண்ண சிவியே இருக்காது, அதைக் கேட்டா ஒரு ஞாயித்துக்கிழமை வேலை கொடுக்குறோம்னு அர்த்தம், அப்புறம் பாத்துக்கலாம்னு மூடி வச்சுடுவாரு. ஆபீஸ் வாரம் நாலு நாள்னு சொன்னது கொஞ்சம் பேரை விரட்டும், பரவால்ல, மூணாவது ரவுண்டுல விரட்டுறதுக்கு இப்பவே விரட்டினா ரெண்டு பேருக்கும் நேரம் மிச்சம். புது போஸ்ட்டா பழைய போஸ்ட்டாங்கிறது, நாம சொல்லலன்னா அவர் லிங்க்ட்இன்ல தேடி, போன வருஷம் யார் கிளம்பினாங்கன்னு பாத்துக்குவாரு, சொல்லிடுறது நல்லது.

தலைப்பு வரி பத்தி எனக்கும் கூட வேலை பாக்குறவருக்கும் இன்னும் ஒத்துவரல. அவர் சம்பளத்தை தலைப்புலயே போடணும்ங்கிறாரு, திறக்க வைக்கும்னு. நான் போடுறதில்ல. நோட்டிஃபிகேஷன் ஃபோன் மேல வந்து நிக்கும், லேப்டாப்ல ஸ்க்ரீன் ஷேர் பண்ணிட்டு இருக்கும்போது ஓரத்துல எட்டிப் பாக்கும், பக்கத்துல அவரோட மேனேஜர் இருப்பாரு. அதனால தலைப்புல "எல்எஃப்பி எஸ்ஓசி, உங்க மீட்டப் பேச்சு பத்தி"ன்னு மட்டும் போட்டேன், இதை யார் பாத்தாலும் டெக்னிக்கல் விஷயமாத்தான் தெரியும். நம்பர் உள்ள, ரெண்டாவது பத்தில. அதே காரணத்துக்காக ஆபீஸ் ஈமெயில் ஐடியை யூகிச்சு அனுப்புறதெல்லாம் கூடவே கூடாது, அதை அவங்க ஐடி டீம் பாக்கலாம். அனுப்பின நேரமும் சாயங்காலம் எட்டு மணி பக்கம். கனெக்‌ஷன் ரிக்வெஸ்ட் கூட வர்ற நோட்ல இதெல்லாம் அடங்காது, முன்னூறு எழுத்துக்கு மேல விடாது, அதனால இன்மெயில்தான். இன்மெயில் க்ரெடிட் காசுதான், ஆனா 90 நாளைக்குள்ள அவர் "இல்ல"ன்னு பதில் போட்டாலும் அந்த க்ரெடிட் திரும்ப வந்துடும், அதனால "இல்ல" சொல்ற வழியை நாமளே ஈஸியாக்கி வைக்கிறது நமக்கும் லாபம்தான்.

பதில் வந்துச்சு. ரொம்ப மரியாதையா, நேரா. அவர் இப்ப வாங்குற ஃபிக்ஸட்டே 22.5, அதனால எங்க டாப் 24க்கு வந்தாலும் ஏழு பர்சென்ட் கூட ஏறல, 90 நாள் நோட்டீஸ் வேற, ஏப்ரல்ல அப்ரைசல், போனஸ் மே மாச சம்பளத்தோட, அதுவரைக்கும் ரோல்ல இருந்தாதான் போனஸ் கிடைக்கும். 27க்கு கீழ யோசிக்க முடியாதுன்னாரு. பாருங்க, நான் எதையும் கேக்கல, நாம நம்பரை முதல்ல வச்சதால அவரும் அவர் நம்பரை வச்சாரு. பழைய முறைல போயிருந்தா இதே விஷயம் மூணு ரவுண்டு இன்டர்வியூ முடிஞ்சு, டீம் லீட் அவரை மனசுல வேலைக்கே எடுத்துட்ட பிறகு, ஆஃபர் பேசுற அன்னைக்குத்தான் வெளில வந்திருக்கும்.

போனஸ் விஷயத்தை மட்டும்னா சமாளிக்கலாம், ஜூன்ல ஜாயின் பண்ணுங்கன்னு சொல்லலாம், இல்லன்னா விட்டுப்போற போனஸுக்கு ஈடா ஜாயினிங் போனஸ் கேட்டு வாங்கலாம், அது ஒரு தடவை கொடுக்கிற காசு, உள்ள இருக்கிறவங்க சம்பளத்தோட மோதாது. ஆனா ஃபிக்ஸட்ல 27ங்கிறது அந்த 23ல இருக்கிறவரைத் தாண்டி ரொம்ப தூரம். அன்னைக்கே எழுதினேன், 24தான் எங்களால முடிஞ்ச டாப், 27 வராது, பேசிப் பாக்கலாம்னு இழுக்க விரும்பலன்னு. சில ரெக்ரூட்டர்கள் இந்த இடத்துல "ரைட் கேண்டிடேட்டுக்கு பட்ஜெட் பிரச்சனை இல்ல"ன்னு ஒரு வரி போடுவாங்க. அந்த ஒரு வரில முதல் மெசேஜ்ல சொன்ன நம்பர் பொய்யாயிடும், அதுக்கு நம்பரே சொல்லாம இருந்திருக்கலாம்.

அவர் ஒரு வாரம் கழிச்சு தானாவே திரும்ப எழுதினாரு, முன்னாடி கூட வேலை பாத்த ஒருத்தங்க கோயம்புத்தூர்ல இருக்காங்க, சென்னைக்கு வர்ற யோசனை இருக்கு, இந்த மெசேஜை அவங்களுக்கு ஃபார்வேர்ட் பண்ணலாமான்னு. மெசேஜ்ல எல்லாம் இருந்ததாலதான் அதை ஃபார்வேர்ட் பண்ண முடிஞ்சுது, "அருமையான வாய்ப்பு"ன்னு இருந்தா யாரும் ஃப்ரெண்டுக்கு அனுப்பி தன் பேரைக் கெடுத்துக்க மாட்டாங்க. ஆனா அவங்களுக்கு நான் எழுதினப்ப "உங்க பழைய கலீக் சொன்னாரு"ங்கிறதை மட்டும் காரணமா வைக்கல, அது எப்படி தெரியும்ங்கிறதுக்கு பதில், ஏன் நீங்கங்கிறதுக்கு இல்ல. அவங்க ப்ரொஃபைல்ல ரெண்டு சக்கர வண்டி பேக் ஒண்ணை ஏஐஎஸ் 156 டெஸ்ட்டிங் வரைக்கும் கொண்டு போனதா இருந்துச்சு, 2022 டிசம்பர்லயும் 2023 மார்ச்லயும் ரெண்டு கட்டமா கடுமையாக்கினாங்களே, அந்த பேட்டரி பாதுகாப்பு ஸ்டாண்டர்டு. அதை எழுதினேன், ரேஞ்ச் அதே 20 முதல் 24, வார்த்தை கூட மாத்தல.

கன்சல்டன்சில இருக்கிறவங்க இதைப் படிச்சா "எங்களால க்ளையன்ட் பேரையே சொல்ல முடியாது"ன்னு சொல்வாங்க, தெரியும். பேரைச் சொல்ல முடியலன்னா ஏன் முடியலன்னு சொல்லிட்டு, என்ன பொருள் செய்யுற கம்பெனி, எத்தனை பேர், எந்த ஏரியா, சம்பளம் க்ளையன்ட் எழுத்துல கொடுத்ததா இல்ல நீங்க யூகிச்சதா, இதைச் சொல்லலாம். யூகம்னா நம்பரைப் போடாதீங்க. க்ளையன்ட் கிட்ட ரேஞ்ச் வாங்க முடியாத போஸ்ட்டுக்கு தேடாத ஆளுங்களை எழுப்பாம இருக்கிறதே மேல், நௌக்ரில இருக்கிறவங்களை வச்சு முயற்சி பண்ணலாம்.

கோயம்புத்தூர்க்காரங்க வந்தாங்க, இருபது நிமிஷ பேச்சு ஒரு மணி நேரம் போச்சு, அப்புறம் ஒரு டெக்னிக்கல் ரவுண்டு, டீம் லீடுக்கு ரொம்ப பிடிச்சுப்போச்சு. ஆஃபர் ஸ்டேஜ்ல பே ஸ்லிப் வந்துச்சு, இப்ப வாங்குறது ஃபிக்ஸட் 15. உடனே ஃபைனான்ஸ்ல இருந்து ஃபோன், "15ல இருக்கிறவங்களுக்கு எதுக்கு 20? 18 கொடுத்தாலே இருபது பர்சென்ட் ஏத்தம், சந்தோஷமா வருவாங்களே." வருவாங்க, வரமாட்டாங்கன்னு நான் சொல்லல. ஆனா அவங்க கையில 20 முதல் 24ன்னு நாங்க எழுத்துல கொடுத்த மெசேஜ் இருக்கு, அதை ஃபார்வேர்ட் பண்ணவர் கையிலயும் இருக்கு, 18னு லெட்டர் போனா அன்னைக்கு சாயங்காலமே அந்த ரெண்டு பேரும் பேசிக்குவாங்க, இந்த ஃபீல்டுல சென்னை கோயம்புத்தூர் ஓசூர் பெங்களூர் எல்லாம் சேர்த்தே ஆளுங்க கொஞ்சம்தான், ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியும். அதோட பக்கத்து சீட்ல அதே வேலை செய்யுறவர் 23ல இருக்கிறது ஒரு வருஷத்துல அவங்களுக்கும் தெரிஞ்சுடும்.

இந்த வாதம் ரெண்டு நாள் ஓடுச்சு. கடைசில உதவினது மெசேஜ்ல எழுதின அந்த அளவுகோல்தான், லேப் வரைக்கும்னா 20, ப்ரொடக்‌ஷன் வரைக்கும்னா 24. அவங்க பேக் ப்ரொடக்‌ஷன்ல ஓடுது, ஆனா எஸ்ஓசி பாகத்துல அவங்க செஞ்சது பாதி, மீதி சப்ளையர் கொடுத்த கோடு, அதை இன்டர்வியூல அவங்களே சொன்னாங்க. 21.5னு டீம் லீட் எழுதிக் கொடுத்தாரு, ஃபைனான்ஸ் முணுமுணுத்துட்டே கையெழுத்து போட்டாங்க, அவங்க பேரம் பேசாம ஒத்துக்கிட்டாங்க, ஏன் 21.5, ஏன் 24 இல்லன்னு கேட்டதுக்கு நான் அதே வரியைத் திரும்பப் படிச்சுக் காட்டினேன்.

அதுக்கு அப்புறம் ஆஃபர் அப்ரூவல் ஃபைல்ல முதல் மெசேஜோட காப்பியையும் சேர்த்தே அனுப்புறேன், பேண்ட் வேற, சொன்ன ரேஞ்ச் வேறன்னு ஒவ்வொரு தடவையும் விளக்க வேண்டியதில்ல. ஃபார்ம்ல "கரண்ட் சிடிசி"ன்னு ஒரு கட்டம் இன்னும் இருக்கு, எடுக்கச் சொல்லி கேட்டுட்டு இருக்கேன், இப்போதைக்கு அதைக் காலியா விட்டாலும் சிஸ்டம் ஏத்துக்குது.